மூன்று எண்ணெய்க் கவர், பத்து நிமிடப் பேச்சு: நுகர்வோர் மன்றத்தில் பிராண்டுகளை நிதானமாக ஒப்பிடச் சொல்லித்தருவது எப்படி

பள்ளி, கல்லூரிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றம் இருக்கிறது. மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை நாள், டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாள். இந்த இரண்டு தேதிகள் நெருங்கும்போது பேச ஆள் தேடுவார்கள். மகளிர் குழுக் கூட்டத்தில்கூட "பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க" என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டால், வாங்கும் முன் பிராண்டுகளை ஒப்பிடுவது பற்றி எப்படிப் பேசலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். பல வருடங்களாக இந்தப் பேச்சைப் பேசி வருகிறேன். பேசிப் பேசித்தான் இந்த வடிவம் கிடைத்தது.

நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பொருள்: சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட். முதலில் இப்படிச் செய்யவில்லை. சோப்பு, டீத்தூள், குக்கர், மிக்ஸி என்று எட்டுப் பொருளைத் தொட்டு, ஒவ்வொன்றிலும் நாலு பிராண்ட் பெயரைச் சொன்னேன். ஐந்தாவது நிமிடத்திலேயே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "எங்க வீட்ல இருபது வருஷமா அதுதான்" என்று ஒருவர், "அதுல கலப்படம்னு சொல்றாங்களே" என்று இன்னொருவர். யாரும் எதையும் ஒப்பிடவில்லை. அவரவர் பிராண்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பெயர் காதில் விழுந்த உடனே மனது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதனால் இப்போது பெயரே தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் நாள் செய்ய வேண்டியது

பேச்சுக்கு முதல் நாள் கடைக்குப் போய் மூன்று பாக்கெட் வாங்குங்கள். தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஒன்று சாதாரண ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய். இரண்டாவதும் சூரியகாந்திதான், ஆனால் அளவு ஒரு லிட்டருக்குக் குறைவானது. மூன்றாவது, முன்பக்கம் பெரிய சூரியகாந்திப் பூப் படம் போட்டிருக்கும் கலப்பு எண்ணெய். மூன்றும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். இன்று ஒரு விலை, நேற்று ஒரு விலை என்றால் கணக்கு நிற்காது. பில்லைப் பத்திரமாக வையுங்கள், மேடையில் தேவைப்படும்.

வீட்டுக்கு வந்ததும் பிராண்ட் பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் செய்தித்தாளை வெட்டி ஒட்டுங்கள். நிகர அளவு, எண்ணெயின் பெயர், விலை ஆகியவை தெரிய வேண்டும். அப்புறம் மார்க்கரில் அ, ஆ, இ என்று எழுதுங்கள். பெயரை மறைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கம்பெனியின் பெயரை மேடையில் சொல்லி "இது மோசம்" என்றால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டியது நாம்தான். நம் கையில் இருப்பது லேபிள் மட்டுமே, ஆய்வகம் இல்லை.

பாக்கெட்டின் பின்பக்க எழுத்து மிகச் சின்னது. இருபது பேர் இருக்கும் கூட்டத்தில் மூன்றாவது வரிசைக்கே தெரியாது. அதனால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்கும் மூன்றே விஷயத்தைப் பெரிய சார்ட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என்ன எண்ணெய், எவ்வளவு, கடையில் கொடுத்த விலை. கடைசி நிரலைக் காலியாக விடுங்கள். அதைக் கூட்டத்தில் இருப்பவர்கள் நிரப்ப வேண்டும்.

பேச்சைத் தொடங்கும் இடம்

"எல்லாருக்கும் வணக்கம், நுகர்வோர் என்பவர் யார்" என்று ஆரம்பித்தால் இரண்டு நிமிடம் போய்விடும். நான் அ, ஆ இரண்டு பாக்கெட்டையும் முன்வரிசையில் இருக்கும் ஒருவர் கையில் கொடுத்துவிடுவேன். "அக்கா, கண்ணை மூடிக்கிட்டு எது கனம்னு சொல்லுங்க."

அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்த அக்கா கையை இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். அப்புறம் கொஞ்சம் சந்தேகத்தோடு ஒன்றை நீட்டுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 910 கிராம், 850 மில்லி சுமார் 774 கிராம். 136 கிராம் வித்தியாசத்தைக் கை கண்டுபிடித்துவிடுகிறது. கடையில் அலமாரியில் நிற்கும்போது கண் கண்டுபிடிப்பதில்லை. இதைச் சொன்னதும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

முன்பு பல பொருட்களை இன்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று விதி இருந்தது, சமையல் எண்ணெயும் அதில் சேர்த்தி. 2021-இல் செய்த திருத்தத்தில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். இப்போது எந்த அளவிலும் அடைக்கலாம், அளவைச் சரியாக அச்சிட்டால் போதும். ஆகவே 850 மில்லி பாக்கெட் விற்பது சட்டப்படி குற்றம் இல்லை. இதை அவசியம் சொல்லுங்கள். இல்லையென்றால் கேட்பவர்கள் "ஏமாத்துறாங்க" என்று கோபத்தோடு வீட்டுக்குப் போவார்கள். கோபம் வந்தால் நிதானம் போய்விடும், அடுத்த தடவையும் அளவைப் பார்க்கமாட்டார்கள்.

கணக்கை அவர்களே போடட்டும்

இப்போது சார்ட்டைத் திருப்புங்கள். நான் ஒரு கூட்டத்தில் வைத்த கணக்கையே உதாரணமாகத் தருகிறேன். விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும், உங்கள் பில்லில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அ: சூரியகாந்தி எண்ணெய், 1 லிட்டர், 158 ரூபாய்.
ஆ: சூரியகாந்தி எண்ணெய், 850 மில்லி, 142 ரூபாய்.
இ: கலப்பு எண்ணெய், 1 லிட்டர், 150 ரூபாய்.

"எது மலிவு?" என்று கேட்டால் உடனே ஆ என்பார்கள். பதினாறு ரூபாய் குறைவாயிற்றே. மறுக்காதீர்கள். செல்போனை எடுக்கச் சொல்லுங்கள், விலையை அளவால் வகுத்து 100 மில்லிக்கு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். அ 15 ரூபாய் 80 காசு. ஆ 16 ரூபாய் 71 காசு. இ சரியாக 15 ரூபாய். மூன்றில் குறைந்த விலைக்கு விற்ற ஆ-தான் அளவுக்கு விலை கூடியது.

இதை நீங்களே சொன்னால் ஒரு தகவல், அவ்வளவுதான். அவர்கள் கையால் வகுத்துப் பார்த்தால் நினைவில் நிற்கும். வகுக்கத் தெரியாதவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள், அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து போடச் சொன்னால் சரியாகிவிடும். மாதம் மூன்று லிட்டர் வாங்கும் வீட்டில் அ-வுக்கும் ஆ-வுக்கும் வருடத்துக்கு சுமார் 326 ரூபாய் வித்தியாசம் வரும். அதையும் போட்டுக் காட்டலாம்.

பாக்கெட்டிலேயே ஒரு மில்லிக்கு அல்லது ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருக்குமே, அதைப் பார்த்தால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. ஒரு கிலோ, ஒரு லிட்டருக்குக் குறைவான பாக்கெட்டில் கிராமுக்கோ மில்லிக்கோ, அதற்கு மேற்பட்டதில் கிலோவுக்கோ லிட்டருக்கோ இந்த அலகு விலையைப் போட வேண்டும் என்பது விதி. ஆனால் அது அதிகபட்ச சில்லறை விலையை வைத்துப் போட்டது. ஆ பாக்கெட்டில் அதிகபட்ச விலை 165 என்றால் மில்லிக்கு 19 காசு என்று அச்சிட்டிருக்கும். கடைக்காரர் 142-க்குக் கொடுக்கும்போது மில்லிக்கு 17 காசுக்குக் கீழே வந்துவிடுகிறது. எண்ணெயில் இந்த இடைவெளி பெரிதாக இருக்கும், ஏனென்றால் பல கடைகளில் அச்சிட்ட விலையைவிடக் குறைத்துத்தான் விற்கிறார்கள். அதனால் கடையில் கொடுத்த விலையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்த இடத்தில் நான் ஒருமுறை தவறிவிட்டேன், அதைச் சொல்ல வேண்டும். ஒரு மகளிர் குழுவில் பெரிய டின் பற்றிக் கேட்டார்கள். 15 லிட்டர் டின் ஒரு விலை, 15 கிலோ டின் அதைவிட 150 ரூபாய் கூட. "15-க்கு 15 தானே, மலிவானதை வாங்குங்க" என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் இருந்து பலகாரக் கடை நடத்தும் ஒரு அம்மா எழுந்தார். "ஐயா, லிட்டர் டின்னுல எண்ணெய் பதிமூணரை கிலோ சொச்சம்தான் இருக்கும். நான் தராசுல வெச்சுப் பாத்திருக்கேன்." அவர் சொன்னது சரி. 15 லிட்டரை 0.91-ஆல் பெருக்கினால் 13 கிலோ 650 கிராம். 15 கிலோ டின்னில் 1 கிலோ 350 கிராம் எண்ணெய் கூட இருக்கிறது. அது 150 ரூபாய்க்கு மேல் பெறும். நான் மலிவு என்று சொன்னதுதான் விலை கூடியது. அன்றிலிருந்து "லிட்டரை லிட்டரோடு, கிலோவைக் கிலோவோடு" என்பதைச் சார்ட்டின் மேலேயே எழுதிவிடுகிறேன். எண்ணெய் பாக்கெட்டில் மில்லி, கிராம் இரண்டும் அச்சிட்டிருக்கும். ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே போக வேண்டும். கிராமில் போவது இன்னும் நல்லது. எண்ணெய் சூட்டில் விரியும், எடை மாறாது. சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 919 கிராம், 60 டிகிரியில் சுமார் 893 கிராம். 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டு, எடையைக் குறைத்து அடைத்ததும் நடந்தது. வெப்பநிலையைக் குறிப்பிடாமல், சரியான எடையோடு அளவைப் போடுங்கள் என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் நிறுவனங்களுக்குச் சொன்னது.

பூப் படம் சொல்வதும் லேபிள் சொல்வதும்

கணக்குப்படி இ-தான் மலிவு. இப்போது அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுங்கள். முன்பக்கம் பெரிய மஞ்சள் பூ. கீழே சின்ன எழுத்தில், இது பல எண்ணெய் கலந்தது என்று இருக்கும். இன்னும் பக்கத்தில் பார்த்தால் எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று இருக்கும். நான் வாங்கியதில் தவிட்டு எண்ணெய் 80, சூரியகாந்தி 20. கலப்பு எண்ணெயில் ஒவ்வொரு எண்ணெயும் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பூப் படம் போட அந்த இருபதே போதுமானதாகிவிடுகிறது.

தவிட்டு எண்ணெய் மட்டமானது என்று சொல்லிவிடாதீர்கள். அது நல்ல எண்ணெய்தான், தெரிந்தே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அ-வும் ஆ-வும் ஒரே பொருள், இ வேறு பொருள். அ, ஆ இரண்டையும் விலை வைத்து ஒப்பிடலாம். இ-யை அந்த வரிசையில் வைத்தால் "எட்டு ரூபாய் மலிவான சூரியகாந்தி" என்று தப்பாக நினைத்துவிடுவோம். வகையை முதலில் பார்த்து, ஒரே வகைக்குள் வந்த பிறகுதான் பிராண்டை ஒப்பிட வேண்டும்.

இந்த இடத்தில் செக்கு எண்ணெய்க் கேள்வி கட்டாயம் வரும். "ரீஃபைண்ட் எண்ணெயே வேண்டாம், செக்குல ஆட்டின கடலெண்ணெய்தான் நல்லதுன்னு சொல்றாங்களே?" அதற்குள் போனால் பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். நான் சொல்வது இவ்வளவுதான். அது வகையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி, வீட்டில் என்ன சமைக்கிறோம், யாருக்கு என்ன உடம்பு, மருத்துவர் என்ன சொன்னார் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். செக்கு எண்ணெய் என்று முடிவு செய்துவிட்டால், அப்புறம் இரண்டு செக்கு எண்ணெயை இதே மாதிரி ஒப்பிடுங்கள்.

முன்பக்க வாசகங்கள்

கடைசி இரண்டு நிமிடம் இதற்கு. 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று ஒரு பாக்கெட்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கூட்டத்தில் கேளுங்கள், இல்லாத பாக்கெட்டில் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்றுதானே நினைப்பீர்கள்? கொலஸ்ட்ரால் விலங்குகளிடமிருந்து வரும் கொழுப்பில் இருப்பது. நெய்யில் உண்டு. கடலை, எள், சூரியகாந்தி, தேங்காய் என்று செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வரும் எந்த எண்ணெயிலும் அது கணக்கில் எடுக்கும் அளவுக்கு இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை ஒரு பாக்கெட் மட்டும் சொல்லிக்கொள்கிறது. அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டியதில்லை.

'குறைவாக எண்ணெய் குடிக்கும்' என்ற வாசகம் கொஞ்சம் வேறு. அதன் மேல் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருந்தால் பாக்கெட்டைத் திருப்பி, எதைவிடக் குறைவு என்று தேடச் சொல்லுங்கள். உற்சாகமான ஆசிரியர்கள் சிலர் அப்பளம் பொரித்துக் காட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பொரிக்கும் பொருள் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்பது எண்ணெயின் சூட்டையும் அந்தப் பொருளின் ஈரத்தையும் பொறுத்து நிறைய மாறும். இரண்டு வாணலியில் ஒரே சூட்டை வைத்திருப்பது வீட்டு அடுப்பில் நடக்காது. தப்பான முடிவு வந்தால் நாமே அதை மேடையில் நிரூபித்த மாதிரி ஆகிவிடும்.

லேபிளில் நம்பிப் பார்க்கக்கூடியது வேறு: உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம், அடைத்த தேதி, எதுவரை நல்லது என்ற தேதி. வைட்டமின் ஏ, டி சேர்த்த எண்ணெய் என்றால் '+F' என்ற குறி இருக்கும். இவ்வளவு பார்த்தாலும் எண்ணெயில் கலப்படம் இருக்கிறதா என்பதை லேபிள் சொல்லாது. இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் போக வேண்டும். அளவு குறைந்தால், கடைக்காரர் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் இருக்கும் எடையளவு அதிகாரிகளிடம் புகார் சொல்லலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கேள்வி நேரம்

"அதெல்லாம் சரி, எந்த பிராண்ட் நல்லதுன்னு நீங்களே சொல்லிடுங்க." எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. பெயரைச் சொல்லாதீர்கள். சொன்னால் அது ஒன்றுதான் அவர்கள் மனதில் தங்கும், வகுத்துப் பார்த்தது மறந்துபோகும். "உங்க வீட்ல மாசத்துக்கு எத்தனை லிட்டர் ஆகுது? இப்ப வாங்குறது எவ்வளவு?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு விலை தெரியும், அளவு தெரியாது. அங்கே பிடித்துக்கொள்ளுங்கள்.

கடையில் நின்று மூன்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்க முடியாது என்பார்கள். உண்மைதான். பின்னால் வரிசை நிற்கும், குழந்தை அழும், ஒன்று வாங்கினால் டம்ளர் இலவசம் என்று தட்டியில் எழுதியிருக்கும், கடைப்பையன் "இன்னிக்கு மட்டும்தான்க்கா" என்பான். அந்த அவசரத்தில் யாராலும் நிதானமாக ஒப்பிட முடியாது. ஆகவே கடையில் ஒப்பிட வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். எண்ணெய் தீர்ந்ததும் காலிக் கவரைத் தூக்கிப் போடாமல் சமையலறை மேடையில் விரித்து வையுங்கள். என்ன எண்ணெய், எவ்வளவு, என்ன விலைக்கு வாங்கினோம், 100 மில்லிக்கு எவ்வளவு என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். அடுத்த தடவை கடையில் ஒரே ஒரு புது பாக்கெட்டை மட்டும் அந்தச் சீட்டோடு ஒப்பிட்டால் போதும். அரை நிமிட வேலை. புதியது தேறினால் ஒரு பாக்கெட் மட்டும் வாங்கிச் சமைத்துப் பாருங்கள், பிடித்தால் சீட்டை மாற்றி எழுதுங்கள். பிடிக்காவிட்டால் பழையதுக்கே திரும்பலாம். இருபது வருடமாக வாங்கும் பிராண்டே இந்தக் கணக்கில் தேறிவிட்டால் அதையே வாங்குவதிலும் தப்பில்லை.

கூட்டம் முடிந்ததும் ஒட்டிய செய்தித்தாளைப் பிரித்துப் பெயரைக் காட்டலாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் காட்டுங்கள், ஆனால் எல்லாரும் கணக்குப் போட்டு முடித்த பிறகு. அன்று ஆ பாக்கெட்டைப் பிரித்தபோது, முதலில் கண்ணை மூடிக் கனம் பார்த்தாரே அந்த அக்கா, எட்டிப் பார்த்துவிட்டு, "இதைத்தான் நான் வாங்கிட்டிருக்கேன்" என்றார். கோபப்படவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, சார்ட்டில் இருந்த 16.71-ஐத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவரே மூன்று துவரம்பருப்புப் பாக்கெட் கொண்டுவந்தார், பெயரின் மேல் செய்தித்தாள் ஒட்டி.